ஒரே இரவில் இரண்டு ஏற்புரைகள்: ரஹ்மானின் ஆஸ்கர் மேடை, ஒரு நிகழ்வு ஆய்வு

2009 பிப்ரவரி 22 இரவு, லாஸ் ஏஞ்சலஸின் கோடாக் திரையரங்கில் 81ஆவது ஆஸ்கர் விழா. ஏ.ஆர்.ரஹ்மான் அன்று இரண்டு முறை மேடையேறினார். முதல் முறை பின்னணி இசைக்காக, இரண்டாம் முறை பாடலுக்காக. இரண்டு விருதும் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கே. இரண்டுக்கும் நடுவில் சிறிது நேரம்தான் இடைவெளி. அந்த இடைவெளியிலும் அவர் போட்டியில் இருந்த பாடல்களை மேடையில் நிகழ்த்திக்கொண்டிருந்தார். பேசியவர், மேடை, அரங்கம், நேரக் கட்டுப்பாடு எல்லாம் ஒன்றே. ஏற்புரை எழுத வேண்டியவர்களுக்கு இதைவிட வசதியான ஒப்பீடு கிடைக்காது, ஏனென்றால் மாறியது உரையின் அமைப்பு மட்டும்தான்.

முதல் உரையில் நிறையப் பெயர்கள் இருந்தன. இரண்டாவதில் நன்றி சில சொற்களில் முடிந்தது. அதன்பின் வந்த ஒரு வாக்கியம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் மேற்கோளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுருங்கப் பேசுவதும் நினைவில் நிற்பதும் ஒன்றா, வேறா என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் உரை: எது நின்றது, எது கரைந்தது

முதல் உரையை ரஹ்மான் தன் பதற்றத்தைச் சொல்லித் தொடங்கினார். வருவதற்கு முன் மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக இருந்தன, கடைசியாக இப்படி இருந்தது என் திருமணத்தின்போதுதான் என்றார். அரங்கம் சிரித்தது. கல்யாணத்தன்று வயிற்றில் புளி கரைப்பது எந்த நாட்டுக்காரருக்கும் தெரிந்த சங்கதி. விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து ஓர் இந்திப் பட வசனத்தை எடுத்தார்: ‘மேரே பாஸ் மா ஹை’. ‘என்னிடம் அம்மா இருக்கிறாள்’ என்பது நேர்ப்பொருள். பங்களா, கார், வங்கியில் பணம் எல்லாம் என்னிடம் இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கும் அண்ணனுக்குத் தம்பி சொல்லும் பதில் அது. இந்தியாவில் வசனத்தைச் சொன்னாலே போதும். அமெரிக்க அரங்கத்துக்கு அது புரியாது என்பதால் ‘என்னிடம் ஒன்றுமில்லை, ஆனால் அம்மா இருக்கிறாள்’ என்று ஆங்கிலத்தில் பொருளும் சொன்னார். காட்சியின் சூழலையே மொழிபெயர்ப்புக்குள் ஒரு துண்டாகச் சேர்த்துவிட்ட நல்ல உத்தி அது. அதன் பிறகு அம்மா இங்கே வந்திருக்கிறார், அவருடைய ஆசி என்னோடு இருக்கிறது, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்று முடித்தார்.

இரவல் வசனத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை இங்கே கணக்கிடலாம். முதலில் வசனம், அடுத்து அதன் பொருள், கடைசியில் ‘இதை ஏன் சொல்கிறேன்’ என்னும் இணைப்பு. மூன்று அடி நடந்த பிறகுதான் நன்றி வருகிறது. ரஹ்மானுக்கு அது கட்டுப்படியானது, ஏனென்றால் வசனத்தில் வந்த அம்மாவே அரங்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரீமா பேகம் அங்கே இல்லாமலிருந்தால் அதே மூன்று வாக்கியமும் வெறும் மேற்கோளாகப் போயிருக்கும்.

இதற்குப் பிறகு பட்டியல் தொடங்கியது. விருது தரும் அகாதெமி, நடுவர்கள், தன் முகவர், விளம்பரத்தைக் கவனித்த நிறுவனம், படக்குழு, குல்சார், ரக்கீப் ஆலம், பிளேஸ், சென்னையிலும் மும்பையிலும் உள்ள இசைக்கலைஞர்கள். எல்லோரும் நன்றிக்கு உரியவர்களே. ஆனால் அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இந்தப் பகுதியை நினைவுகூர்வதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நொடிதான் கிடைத்தது. யாருக்கு எதற்காக நன்றி என்று கேட்பவருக்குத் தெரியவே இல்லை. காரணம் இல்லாத பெயர் மற்றவர்களுக்கு வெறும் ஒலி.

பட்டியலின் உண்மையான ஆபத்து நீளம் அன்று. அது முழுமையை எதிர்பார்க்க வைப்பதுதான். ஒருவரை மட்டும் சொல்லி, எதற்கு என்றும் சொன்னால் விடுபட்டவர்கள் யாரும் மனம் வருந்துவதில்லை. அது பட்டியல் இல்லை என்று எல்லோருக்கும் புரியும். எட்டுப் பேரைச் சொன்னால் ஒன்பதாமவர் கணக்குப் பார்ப்பார். ரஹ்மானின் முதல் உரையில் முகவருக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் இடம் கிடைத்தது. படத்தின் இயக்குநர் டேனி பாயிலின் பெயர் தனியாக வரவில்லை. ‘படக்குழு’ என்னும் சொல்லுக்குள் அவர் அடங்கிவிட்டார். மறதியா, நேரமா, பதற்றமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் பெயர்களை வேகமாக அடுக்கும்போது முதலில் நழுவுவது நமக்கு மிக நெருக்கமான பெயர்தான். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது பக்கத்து வீட்டை விட்டுவிடுவது போல. ரஹ்மானுக்குச் சிறிது நேரத்தில் இரண்டாம் வாய்ப்புக் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைக்காது.

முதல் உரையின் கடைசித் துண்டுதான் தமிழர்கள் மறக்காதது. ஒவ்வொரு விருதுக்குப் பிறகும் வழக்கமாகச் சொல்வதைத் தமிழில் சொல்ல விரும்புகிறேன் என்று முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்றார். அதற்கு ஆங்கிலத்தில் அவர் கொடுத்த பொருள் மூன்றே சொல், ‘இறைவன் பெரியவன்’ என்பதற்கு நிகரானது. சரியான மொழிபெயர்ப்பு அது இல்லை. புகழ் எனக்குரியது அல்ல என்னும் விலக்கம்தான் தமிழ்த் தொடரின் உயிர். ஆங்கிலத்தில் அது போய்விட்டது. ஆனாலும் மேடைக்கணக்கில் அது சரியான முடிவு. துல்லியமாகப் பெயர்த்திருந்தால் இன்னொரு வாக்கியம் நீண்டிருக்கும், முத்தாய்ப்பு தளர்ந்திருக்கும்.

இந்தத் தொடர் அன்றைக்கென்று செய்ததும் அன்று. ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பதைத் தமிழ் முஸ்லிம்கள் அன்றாடம் சொல்லும் வடிவம் இது. அவர் வாயிலேயே பல ஆண்டுகள் பழகியது. பழகிய தொடர் எந்தப் பதற்றத்திலும் தடுக்காமல் வரும். விழாவுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து செய்த அணி வாக்கியம் அப்படி வராது. நடுவில் ஒரு சொல் நழுவினால் முழுவதும் சரிந்துவிடும்.

இரண்டாம் உரை: வாக்கியத்தின் உடற்கூறு

பாடலுக்கான விருதை வாங்கவந்தபோது நன்றி மிகச் சுருங்கியிருந்தது. படக்குழுவுக்கு மீண்டும் நன்றி, குறிப்பாக இவ்வளவு நல்ல வாய்ப்பைக் கொடுத்த டேனி பாயிலுக்கு, மும்பை மக்களுக்கு. தனியாகச் சொன்ன பெயர் ஒன்றே. அந்தப் பெயருக்குக் காரணமும் வந்தது. அடுத்து, படத்தின் சாரம் நம்பிக்கையின் வலிமை என்று ஒரு வாக்கியம். இது கொஞ்சம் சப்பையானதுதான். படத்தின் சுவரொட்டியில் அச்சிடக்கூடிய வாசகம். ஆனால் அடுத்த வாக்கியத்துக்கு அது படிக்கட்டாக இருந்தது.

‘என் வாழ்நாள் முழுவதும் வெறுப்பா அன்பா என்னும் தேர்வு எனக்கு இருந்தது. நான் அன்பைத் தேர்ந்தேன். இங்கே நிற்கிறேன்.’ அதோடு கடவுளின் ஆசி வேண்டும் இரண்டு சொல். உரை முடிந்தது. ஆங்கிலத்தில் இந்தக் கடைசிப் பகுதி மொத்தமும் இருபது சொல்லுக்குள் அடங்கும்.

இதில் நம்மூர் மேடைப்பேச்சில் எதிர்பார்க்கும் அலங்காரம் ஒன்றுகூட இல்லை. உவமை இல்லை, எதுகை இல்லை. இருப்பது மூன்று சிறு பகுதிகள். முதலாவது இரண்டு எதிர்ச்சொற்களை வைக்கிறது. இரண்டாவது ஒரு செயலைச் சொல்கிறது. மூன்றாவது, ‘இங்கே நிற்கிறேன்’ என்பது, அந்தச் செயலுக்குச் சாட்சி. வாக்கியத்தைத் தாங்கும் தூண் இந்த மூன்றாவதுதான். அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: ‘வெறுப்பா அன்பா என்னும் தேர்வு இருந்தது, நான் அன்பைத் தேர்ந்தேன்.’ நாட்காட்டித் தாளின் அடியில் அச்சிடும் பொன்மொழியாகிவிடுகிறது. ‘இங்கே’ என்னும் சொல்லுக்குப் பொருள் கொடுப்பது அகராதி இல்லை, அவர் கையில் இருக்கும் சிலையும் நிற்கும் மேடையும். அந்த வாக்கியத்தை அந்த இடத்தில்தான் சொல்ல முடியும்.

சொல்லாமல் விட்டதும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. இசைக்கலைஞரான தந்தை ஆர்.கே.சேகர் இறந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. சிறு வயதிலேயே வாத்தியம் வாசித்துக் குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியும். அரங்கத்தில் இருந்த பெரும்பாலோருக்குத் தெரியாது. அவர் அதை எடுத்துச் சொல்லவில்லை. யாரை வெறுத்திருக்கலாம், எதற்காக என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அவருடைய கதையாக மட்டும் நின்றிருக்கும். வெறுமையாக விட்டதால் கேட்டவர் ஒவ்வொருவரும் தன் சொந்த வெறுப்பை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. மும்பைத் தாக்குதல் நடந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மும்பை மக்களுக்கு நன்றி சொன்ன கையோடு வெறுப்பு என்னும் சொல் வந்தபோது சிலருக்கு அதுவும் நினைவுக்கு வந்திருக்கக்கூடும். அது நம் ஊகம்தான். ஆனால் ஊகத்துக்கு இடம் வைத்த வாக்கியம் என்பது உறுதி.

வரிசையையும் கவனிக்க வேண்டும். நன்றி முன்னால், வாக்கியம் கடைசியில். அதே இரவில் அதே படத்துக்காக ஒலிக்கலவை விருது வாங்கிய ரசூல் பூக்குட்டியின் உரையோடு இதை வைத்துப் பார்க்கலாம். தன் நாகரிகம் உலகுக்குத் தந்த சொல் ஒன்று உண்டு, அதற்கு முன்னும் மௌனம், பின்னும் மௌனம், அந்தச் சொல் ஓம் என்றார். ஒலிப்பொறியாளர் ஒருவர் மௌனத்தைப் பற்றிப் பேசுகிறார். தொழிலுக்குள்ளிருந்தே பிறந்த வாக்கியம். அமைப்பளவில் ரஹ்மானுடையதைவிட அழகானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது உரையின் நடுவில் வந்தது. அதன்பின் விருதை நாட்டுக்குக் காணிக்கையாக்கியது, இது வரலாறு என்றது, ஆசிரியர்கள், இயக்குநர், தயாரிப்பாளர், இன்னும் பல பெயர்கள் என்று தொடர்ந்தது. மௌனத்தைப் பற்றிய வாக்கியத்துக்குப் பிறகு மௌனமே இல்லாமல் போனது. வாக்கியம் நினைவில் நின்றது, உரை நிற்கவில்லை.

சுருக்கம் மட்டும் போதுமா

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 1991இல் துணை நடிகருக்கான ஆஸ்கரை வாங்கிய ஜோ பெஷி, இது எனக்குக் கிடைத்த பேறு, நன்றி என்னும் அளவில் ஒருசில சொல்லோடு இறங்கிவிட்டார். இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். எதற்காக? குட்டையாக இருந்ததற்காக. அவர் சொன்னது என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

இணையத் துறைக்கான வெபி விருதில் ஐந்து சொல்லுக்கு மேல் பேசக்கூடாது என்பது விதி. 2005இல் அங்கே மேடையேறிய அல் கோர், ‘இந்த வாக்கை மறுபடி எண்ணாதீர்கள்’ என்று பொருள்படும் ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சொன்னார். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புளோரிடா வாக்குகளின் மறு எண்ணிக்கைச் சண்டையில் தோற்றவர் அவர் என்பது அரங்கம் முழுக்கத் தெரியும். பெஷியின் உரையும் கோரின் உரையும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒன்றை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மற்றொன்றை உலகத்தில் ஒரே ஒருவர்தான் சொல்ல முடியும். நினைவில் நிற்பதற்கான சோதனை இதுதான்: இந்த வாக்கியத்தை அடுத்து விருது வாங்கப்போகிறவரும் அப்படியே சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது இன்னும் உங்கள் வாக்கியம் ஆகவில்லை.

இந்தச் சோதனையில் ரஹ்மானின் வாக்கியமே மயிரிழையில்தான் தேறுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்பு, வெறுப்பு இரண்டும் பொதுச்சொற்கள். உலகம் பார்க்கும் மேடையும் ‘இங்கே’ என்னும் சொல்லும் சேர்ந்து அவற்றைத் தூக்கி நிறுத்தின. மாவட்ட அளவிலான விழாவில் ஒருவர் அதே மாதிரியைப் பிடித்துக்கொண்டு, ‘உழைப்பா ஓய்வா என்னும் தேர்வு இருந்தது, உழைப்பைத் தேர்ந்தேன்’ என்றால் எடுபடாது. அவருக்குக் கைகொடுப்பது பொதுச்சொல் இல்லை. தன் தொழிலில் கையால் தொடும் ஒரு பொருள்.

ஒரு வரைவு, வெட்டி எழுதுவது

அப்படி ஒரு விழாவை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான். புயலுக்குப் பிறகு மின்சாரத்தை மீட்ட பணிக்காக ஒரு கம்பியாளருக்குச் சிறந்த களப்பணியாளர் விருது. ஒரு நிமிடம் பேசச் சொல்கிறார்கள். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

‘இவ்விழாவுக்குத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் செயற்பொறியாளர் அவர்களே, உதவிச் செயற்பொறியாளர் அவர்களே, வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, என் சக பணியாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குப் பேச வார்த்தைகளே இல்லை. இந்த விருதுக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. இது எனக்குக் கிடைத்த விருது அல்ல, நம் அனைவருக்கும் கிடைத்த விருது. என்னை ஈன்றெடுத்த தாய் தந்தையருக்கும், என் மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், என் உயர் அதிகாரிகளுக்கும், எங்கள் பிரிவு அலுவலகத்தில் உள்ள அனைவருக்கும் இந்த விருதைச் சமர்ப்பிக்கிறேன். தொடர்ந்து கடமையாற்றுவேன் என்று உறுதியளித்து, வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்.’

ஒரு பிழையும் இல்லாத பேச்சு. செவிலியரோ நூலகரோ வட்டாட்சியரோ ஒரு சொல் மாற்றாமல் இதையே பேசலாம், அதுதான் குறை. கம்பியாளர் எங்கே என்று தேடினால் ‘செயற்பொறியாளர்’ என்னும் சொல்லில் மட்டும் கொஞ்சம் மணம் தெரிகிறது.

வெட்டுவதை விளிப்பிலிருந்து தொடங்கலாம். நம் மேடைகளில் நேரத்தை அதிகம் தின்பது நன்றிகூட இல்லை, ‘அவர்களே’தான். தலைவரும் வரவேற்பாளரும் இந்த வரிசையை ஏற்கெனவே முழுதாகச் சொல்லியிருப்பார்கள். விருது பெறுபவர் திரும்பச் சொல்வதை மேடையில் இருப்பவர்களே எதிர்பார்ப்பதில்லை. ‘எல்லோருக்கும் வணக்கம்’ போதும். முறை கறாராகப் பார்க்கும் அலுவலகமாக இருந்தால் தலைவரை மட்டும் சொல்லி, ‘மேடையில் உள்ள பெரியோருக்கும்’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

‘பேச வார்த்தைகள் இல்லை’, ‘தகுதியானவனா தெரியவில்லை’ இரண்டும் போக வேண்டும். இரண்டாவது அவையடக்கம்போலத் தெரிந்தாலும், தேர்ந்தெடுத்த குழுவின் தீர்ப்பைச் சந்தேகிப்பதில் போய் முடிகிறது. தாய் தந்தை, மனைவி, பிள்ளைகள்? அவர்களுக்கு நன்றியை வீட்டில் சொல்லலாம், சொல்ல வேண்டும். ரஹ்மானின் அம்மா உரைக்குள் வந்தது அவர் அம்மா என்பதற்காக மட்டும் இல்லை. ‘என்னிடம் ஒன்றுமில்லை, அம்மா இருக்கிறாள்’ என்னும் வாக்கியத்தின் பொருளே அவர்தான்.

இப்போது தாள் ஏறக்குறைய காலியாகிவிட்டது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘யாருக்கு நன்றி சொல்லலாம்’ என்பது அல்ல. ‘யார் ஒருவர் தன் வேலையைச் செய்யாமலிருந்தால் நான் இந்த மேடைக்கு வந்தே இருக்க மாட்டேன்’ என்பது. கம்பியாளருக்கு இதன் பதில் உடனே கிடைக்கும். கம்பத்தில் ஏறுவதற்கு முன் துணை மின் நிலையத்திலிருந்து ‘லைன் கிளியர்’ வாங்க வேண்டும். அங்கே பணியில் இருக்கும் ஆபரேட்டர் அந்தப் பாதையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அனுமதி கொடுப்பார். வாங்கியவர் வேலையை முடித்து, ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கும்வரை அந்தச் சுவிட்சை யாரும் போடக்கூடாது. புயலுக்கு மறுநாள் எல்லாத் திசையிலிருந்தும் தொலைபேசி அலறும், மேலதிகாரிகளும் கேட்பார்கள். அத்தனை நெருக்கடியிலும் கை வைக்காமல் இருப்பதுதான் ஆபரேட்டரின் வேலை. வெளியே யாரும் பார்க்காத வேலை.

இரண்டாம் வரைவு இப்படி வரும்:

‘எல்லோருக்கும் வணக்கம். புயலுக்கு மறுநாள் ஏறின கம்பங்களுக்காக இந்த விருதைக் கொடுத்திருக்கீங்க. அன்னிக்கு துணை மின் நிலையத்துல ட்யூட்டியில இருந்த ஆபரேட்டர் அண்ணனுக்கு நன்றி. காலையில ஆறு மணிக்கு லைன் கிளியர் குடுத்தார். ஊரே போன் போட்டு கரன்ட் எப்ப வரும்னு கேட்டுச்சு. நான் இறங்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் அவர் சுவிட்சைத் தொடலை. கம்பத்துல ஏறினது நான். கை வைக்காம இருந்தது அவர். அதனாலதான் இங்க நிக்கிறேன். வணக்கம்.’

ஐம்பது சொல்லுக்குள் இருக்கிறது. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குத் தொண்ணூறு தமிழ்ச் சொல் அளவில் போகும். நிறுத்தங்களையும் சேர்த்தால் இது முக்கால் நிமிடம். ஆஸ்கர் மேடையில் கொடுப்பதும் நாற்பத்தைந்து நொடிதான். நேரத்தை மனத்துக்குள் படித்துக் கணக்கிடக்கூடாது, அப்போது இரண்டு மடங்கு வேகமாகப் போகும். எழுந்து நின்று, வாய்விட்டு, கைபேசியில் பதிவுசெய்து பார்க்க வேண்டும்.

உயிர்நிலை ‘கை வைக்காம இருந்தது’ என்பது. ஒருவர் செய்யாத காரியத்துக்கு நன்றி சொல்வது கேட்பவரை ஒரு கணம் நிமிர வைக்கும். அதற்கு அடுத்த ‘அதனாலதான் இங்க நிக்கிறேன்’ ரஹ்மானின் மூன்றாம் பகுதி செய்த அதே வேலையைச் செய்கிறது: பேசுபவரின் உடம்பே சாட்சி. இன்னொரு கம்பியாளர் செத்துப்போன செய்தியைச் சொல்லி அரங்கத்தை உலுக்கத் தோன்றலாம். வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்பதைச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிறது; சொன்னால் விழா துக்க வீடாகிவிடும், ஆபரேட்டரும் பின்னால் போய்விடுவார்.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்பது அவரவர் வாயைப் பொறுத்தது. ஆனால் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடியக்கூடாது. அன்றாடம் பேசாத நடையில் எழுதிவைத்தால் கடைசி மூன்று வாக்கியத்தில்தான் நாக்குப் புரளும், அங்கேதான் புரளக்கூடாது.

மேடையில் கெடுவது

நன்றாக எழுதிய உரையும் சில்லறைக் காரணங்களால் கெடும். பொன்னாடை தோளில், கேடயம் ஒரு கையில், பூங்கொத்து மறு கையில் என்று நின்றால் ஒலிவாங்கியைச் சரிசெய்யக் கை இருக்காது. கேடயத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசுவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கைதட்டல் அடங்குவதற்கு முன்பே தொடங்கினால் முதல் வாக்கியம் யாருக்கும் கேட்காது; அதனால்தான் முதல் வாக்கியமாக வெறும் வணக்கத்தை வைப்பது.

கடைசி வாக்கியத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும், பின்னால் ஒன்றும் சேர்க்கக்கூடாது. கைதட்டல் உடனே வராமல் இரண்டு நொடி அமைதி இருந்தால் பேசியவருக்குப் பயம் வரும். ‘ஆகவே, மீண்டும் ஒருமுறை அனைவருக்கும்…’ என்று வாய் தானாகத் திறக்கும். அந்த அமைதி வாக்கியம் உள்ளே இறங்கும் நேரம். ‘வணக்கம்’ என்னும் ஒரு சொல் மட்டும் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். ரஹ்மானின் கடைசி இரண்டு சொல்லும் அந்த வேலையைத்தான் செய்தன.

வெட்டிய பெயர்கள் என்ன ஆகும்? 2016 ஆஸ்கர் விழாவில் ஒரு வழி முயன்றார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை முன்கூட்டியே வாங்கி, உரை நடக்கும்போது தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடவிட்டார்கள். மேடையில் பெயர் படிப்பது அதனால் நின்றுவிடவில்லை, ஆனால் யோசனை நம் அளவில் உதவும். விழா மலரில் அரைப்பக்கம் கிடைத்தால் பெயர்களை அங்கே கொடுக்கலாம். இல்லையென்றால் பட்டியலை மேடைக்குக் கொண்டுபோகாமல், மறுநாளே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பலாம். எல்லோருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிட்டால் அது மறுபடியும் பட்டியல்தான். ஒவ்வொருவருக்கும் அவர் செய்த ஒன்றை எழுத வேண்டும்.

உரையில் பெயர் சொல்லும் அந்த ஒருவருக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பது அவசியம். சிலர் மேடையில் பெயர் வருவதை விரும்ப மாட்டார்கள். நாம் நினைவில் வைத்திருப்பதும் சில சமயம் தவறாக இருக்கும். ஆறு மணிக்கு லைன் கிளியர் கொடுத்தது அவர்தானா, அந்த நேரத்தில் ட்யூட்டி மாறியிருந்ததா என்று அவரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் விழாவுக்கு வந்திருந்தால், ‘கை வைக்காம இருந்தது அவர்’ என்னும்போது அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்த்தால் போதும், எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம். அன்றைக்கும் அவர் துணை மின் நிலையத்தில் பணியில் இருந்தால், ஒளிப்பதிவை அவருக்கு முதலில் அனுப்ப வேண்டும்.